படிவத்தின் ஏழாவது கேள்வி

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் பதினோரு வருஷம் பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு மென்பொருள் கம்பெனியின் சம்பளக் கணக்குப் பிரிவில், 2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நான் சேர்ந்த முதல் நாளன்று, என்னைப் போலவே அன்று புதிதாக வந்திருந்த இருபது பேரைக் குளிர்சாதனம் கடுமையாக ஓடிக்கொண்டிருந்த ஓர் அறையில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு படிவத்தையும் ஒரு பேனாவையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெயர், தகப்பனார் பெயர், நிரந்தர விலாசம், ரத்தப் பிரிவு, அவசர சமயத்தில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த அந்தப் படிவம், ஏழாவது கேள்வியாக, இந்தக் காலியிடத்தைப் பற்றி நான் எவ்வாறு அறிந்தேன் என்று கேட்டது. கேள்விக்குக் கீழே நான்கு கட்டங்கள் இருந்தன: விளம்பரம், ஆள்சேர்ப்பு ஏஜென்சி, நேரடி விண்ணப்பம், எங்கள் ஊழியர் ஒருவர் மூலமாக. நான்காவது கட்டத்துக்கு எதிரே அந்த ஊழியரின் பெயரையும் அவருடைய ஊழியர் எண்ணையும் எழுதுவதற்கு இரண்டு கோடுகள் விடப்பட்டிருந்தன. பெயரும் எனக்குத் தெரியும். எண்ணும் தெரியும், ஏனெனில் அவர் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் அந்த ஐந்து இலக்கங்கள் இருந்தன. இருந்தும் நான் மூன்றாவது கட்டத்தில் குறி போட்டேன். கோடுகள் இரண்டையும் காலியாக விடுவது அழகாக இல்லையென்று, அவற்றின்மேல் சாய்வாக ஒரு கோடும் இழுத்துவிட்டேன்.

மறதியால் செய்த காரியம் என்று இதைச் சொல்லிக்கொள்ள முடியாது. பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த வாலிபர் என் படிவத்தை எட்டிப் பார்த்தால், இவர் யாரையோ பிடித்து வேலைக்கு வந்தவர் என்று நினைத்துவிடுவாரே என்ற லஜ்ஜைதான் அந்தப் பேனாவை நகர்த்தியது. சிபாரிசு என்ற சொல் பாரசீகத்தில் பிறந்து உருதுவின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது; வந்த நாளிலிருந்து அதற்குத் தமிழில் நல்ல வாசனை கிடையாது. சிபாரிசுக் கடிதம் என்றதும், பெரிய மனிதர் வீட்டு வராந்தாவில் காலை ஏழு மணி முதல் காத்திருந்து, அவர் குளித்துப் பூஜை முடித்து வந்து எழுதிக் கொடுக்கும் இரண்டு வரியை வாங்கிக்கொண்டு, ஆயுள் முழுவதும் அந்த வீட்டுக் கல்யாணங்களில் பந்தி விசாரிக்கக் கடமைப்பட்ட ஒரு மனிதனின் உருவம்தான் நம் மனத்தில் எழுகிறது. அந்தச் சிபாரிசில் கொடுத்தவரின் செல்வாக்கு வேலை செய்தது. வாங்கியவனின் தகுதி இரண்டாம் பட்சம். இப்போதைய கம்பெனிகளில் ரெஃபரல் என்று வழங்கும் காரியம் வேறு ஜாதியைச் சேர்ந்தது. கூட வேலை பார்த்த ஒருவர், இன்ன காலியிடத்துக்கு இன்ன ஆளை அழைத்துப் பேசிப் பாருங்கள் என்று பெயரைக் கொடுப்பதோடு அவருடைய பங்கு முடிகிறது; பரீட்சையும் நேர்முகமும் மற்ற எல்லோருக்கும் போலவே நடக்கின்றன; பெயர் கொடுத்தவர் அந்த அறைக்குள் இருப்பதில்லை. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் பழைய வாசனை புதிய காரியத்தின்மேல் படிந்துவிடுகிறது. வேலை கிடைத்த பிறகு நம்மில் பலர் பெயர் கொடுத்தவரிடம் வாயைத் திறக்காமல் இருந்துவிடுவதற்கு, நன்றியின்மையைக் காட்டிலும் இந்த வெட்கமே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அவர் எனக்கு நெருங்கிய சிநேகிதர் அல்ல. நூற்பாலையில் என் மேஜைக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து கொள்முதல் கணக்குப் பார்த்தவர். சாயங்காலத் தேநீர் வேளையில் பத்து நிமிஷம் பேசிக்கொள்வோம். அவர் வீட்டுக்கு நான் போனதில்லை, என் வீட்டுக்கு அவர் வந்ததில்லை. அவர் சென்னைக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து, திருப்பூரில் ஒரு கல்யாணத்தில், கை கழுவும் இடத்தில் தற்செயலாகச் சந்தித்தபோதுதான், எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், உங்கள் பயோடேட்டாவை அனுப்பிவையுங்கள் என்றார். இந்த அற்பமான பரிச்சயத்தைப் பற்றி அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்திருக்கிறார். பாஸ்டன் நகரத்தை அடுத்த நியூட்டனில், சமீபத்தில் வேலை மாறிய உத்தியோகஸ்தர்களை அவர் விசாரித்தபோது, தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 17 பேரே அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்களாக இருந்தார்கள். சுமார் 56 பேர் எப்போதாவது பார்ப்பவர்கள். சுமார் 28 பேர் அபூர்வமாகப் பார்ப்பவர்கள். 1973ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். நாம் அறியாத இடத்துச் செய்தி சற்றுத் தள்ளி நிற்பவரிடமிருந்துதான் வந்து சேரும் என்று அவர் அதற்குக் காரணமும் சொன்னார்.

அவருடைய கண்டுபிடிப்பை வேலை தேடுகிறவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். வேலை கிடைத்தபின் என்ன செய்வது என்பதற்கும் அதிலேயே ஒரு பாடம் இருப்பதை நான் வெகு காலம் கவனிக்கவில்லை. உபகாரம் செய்தவர் அண்ணனாகவோ அடுத்த வீட்டுக்காரராகவோ இருந்தால், நாம் சொல்லாவிட்டாலும் விஷயம் அவர் காதுக்குப் போய்விடும்; அம்மா சொல்வாள், தெருமுனையில் யாராவது சொல்வார்கள், வாசலில் நிற்கும் புது ஸ்கூட்டரே சொல்லிவிடும். தள்ளி நிற்கும் பரிச்சயஸ்தருக்கு அப்படிப்பட்ட வாய்க்கால் ஒன்றுமில்லை. செய்தி எந்தத் தூரத்தைக் கடந்து நம்மிடம் வந்ததோ, அதே தூரத்தை நாமே கடந்துபோய்ச் சொன்னாலன்றி, தாம் கொடுத்த பெயர் என்ன ஆயிற்று என்பதை அவர் அறிவதற்கு வழியே இல்லை.

அந்த அறியாமை அவருக்கு எப்படிப்பட்ட சங்கடத்தைத் தந்தது என்பதை, நான் சேர்ந்து மூன்று வாரம் ஆனபின், கம்பெனிச் சிற்றுண்டிச் சாலையில் தெரிந்துகொண்டேன். அவர் பக்கத்துக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடியில் இருந்தார். நான் இரண்டாவது மாடியில். மதியம் மூன்றரை மணிக்குக் காகிதக் கோப்பையில் தேநீரோடு திரும்பியவர் என்னைக் கண்டு அப்படியே நின்றார்.

“சேந்தாச்சுங்களா? எப்பங்க?”

“மூணு வாரம் ஆச்சுங்க” என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. “நல்லதுங்க, ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார். பிறகு பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “மே மாசம் எச்.ஆர்.ல கூப்பிட்டுக் கேட்டாங்க, உங்க ஆள் கண்டிப்பா வருவாருங்களான்னு. வருவாருன்னு சொல்லிட்டேன். எனக்கும் தெரியாதுங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருந்ததை விளங்கிக்கொள்ள, ஆள் எடுக்கும் காரியம் உள்ளே எப்படி நடக்கிறது என்பது சற்றுத் தெரிந்திருக்க வேண்டும். நியமனக் கடிதம் கொடுத்துவிட்டால் ஆள் வந்துவிட்டதாக எந்தக் கம்பெனியும் நம்புவதில்லை. பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்தபின் அறுபது நாளோ தொண்ணூறு நாளோ நோட்டீஸ் காலம் இருக்கிறது. அந்த இடைவெளியில் பழைய முதலாளி சம்பளத்தை உயர்த்தி ஆளை நிறுத்திக்கொள்வதுண்டு. வேறொரு கம்பெனி கூடுதலாகக் கொடுத்து இழுத்துக்கொள்வதும் உண்டு. சேர வேண்டிய நாளன்று காலையில் தொலைபேசியை எடுக்காமலே மறைந்துபோகிறவர்களும் உண்டு. ஆகையால் ஆள்சேர்ப்புப் பிரிவார், வரப்போகிறவரிடம் கேட்பதோடு நில்லாமல், பெயர் கொடுத்தவரிடமும் ஜாடையாக விசாரித்துக்கொள்வார்கள். அப்போது அவர் சொல்லும் பதில் அவர் கணக்கில் எழுதப்படுகிறது. ஆள் வந்து நன்றாக வேலை செய்தால், அடுத்த முறை அவர் கொடுக்கும் பெயரை முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். வராமல் போனால், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் அடுத்த பெயர் அடியில் கிடக்கும். எனக்காக அவர் அறியாத ஒன்றுக்கு ஜாமீன் நின்றிருக்கிறார். நோட்டீஸ் காலத்தில், ராஜினாமா ஏற்கப்பட்டது, ஜூன் முதல் வாரம் வந்துவிடுவேன் என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால், அவர் தெரிந்துகொண்டே அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றியும் பேசிவிடுவது நல்லது. ஏனெனில், அவருக்குத்தான் கம்பெனி போனஸ் கொடுக்கிறதே, நாம் வேறு எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற சமாதானம் அநேகரிடம் தயாராக இருக்கிறது. பெயர் கொடுத்த ஊழியருக்குப் பல கம்பெனிகள் ஒரு தொகை கொடுப்பது உண்மைதான். ஏஜென்சி மூலமாக அந்த ஆளை எடுத்திருந்தால் கொடுத்திருக்க வேண்டிய கமிஷன் மிச்சமாகிறது. அதில் ஒரு பங்கை ஊழியருக்குக் கொடுக்கிறார்கள். புதியவர் மூன்று மாதமோ ஆறு மாதமோ நிலைத்து நின்றபின் அது சம்பளத்தோடு சேர்ந்து, வருமான வரி பிடித்தம் போக, வந்து சேர்கிறது. இது கம்பெனிக்கும் அவருக்கும் இடையிலுள்ள கொடுக்கல் வாங்கல். இதில் நமக்குப் பங்கு கேட்பதோ, வந்துவிட்டதா என்று விசாரிப்பதோ அநாகரிகம். ஆனால் அந்தத் தொகை அவருக்குப் போய்ச் சேர்வதற்கு நம்மால் ஆக வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் கம்பெனியில் அவர் என் பயோடேட்டாவை எச்.ஆருக்கு மின்னஞ்சலில் அனுப்பியதோடு சரி. முதல் நாள் நான் நிரப்பும் படிவத்தின் ஏழாவது கேள்விதான் அவர் பெயரையும் என் பெயரையும் பிணைத்து ரிஜிஸ்தரில் ஏற்றும். அங்கே நான் கோடு இழுத்துவிட்டேன்.

இப்போது அதற்கென்று கணினியில் தனி ஏற்பாடு வந்துவிட்டது. ஊழியர் தம் கணக்கில் நுழைந்து பயோடேட்டாவை ஏற்றியவுடன், மின்னஞ்சல் முகவரியையோ தொலைபேசி எண்ணையோ வைத்து, இந்த ஆள் முன்பே பதிவில் இருக்கிறாரா என்று அது பார்த்துவிடுகிறது. ஏஜென்சி ஒன்று சில மாதங்களுக்கு முன்னால் அதே பயோடேட்டாவை அனுப்பியிருந்தால், உரிமை ஏஜென்சிக்கே போய்விடும். பெயர் கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. வேலை தேடும் அவசரத்தில் நாலு ஏஜென்சிகளிடம் பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டு, அதை மறைத்து ஐந்தாவதாகப் பழைய சகாவிடமும் கொடுக்கிறவர், அவரை வீண் பிரயாசைக்கு உள்ளாக்குகிறார் என்பதை இந்த இடத்தில்தான் கண்டுபிடிக்கலாம். நன்றி சொல்வது வேலை கிடைத்தபின் வருவதுதான். ஆனால் அதற்கு வேண்டிய யோக்கியம் பயோடேட்டாவைக் கொடுக்கும் அன்றே ஆரம்பித்துவிடுகிறது.

இந்தக் காரியத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது, பதின்மூன்று வருஷம் கழித்து, நானே பெயர் கொடுத்த ஒரு பெண்ணிடமிருந்து. என்னோடு இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வேறொரு கம்பெனிக்குப் போனவள், திரும்பி வர விரும்பினாள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவள் பயோடேட்டாவை நான் ஏற்றினேன். வருங்கால வைப்பு நிதிக் கணக்குகளைப் பொருத்திப் பார்ப்பதில் கெட்டிக்காரி என்று ஒரு குறிப்பும் எழுதினேன். ஏப்ரல் 18ஆம் தேதி மாலை அவளிடமிருந்து முதலில் தொலைபேசி வந்தது. அரை மணி நேரத்தில் வாட்ஸாப்பில் இந்தச் செய்தியும் வந்தது:

“சார், வணக்கம். போனில் சந்தோஷத்தில் எதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆஃபர் லெட்டர் இன்று மதியம் வந்தது. பேரோல் டீம், சீனியர் எக்ஸிகியூட்டிவ். நாளை இங்கே பேப்பர் போடுகிறேன், அறுபது நாள் நோட்டீஸ். ஜூன் 20 திங்கள்கிழமை சேர வேண்டும். நீங்கள் பி.எஃப். பற்றி எழுதியிருந்தீர்கள் போலிருக்கிறது, இரண்டாவது ரவுண்டில் முழுக்க அதைத்தான் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததாகப் போயிற்று. அம்மாவுக்குச் சொல்லிவிட்டு அடுத்து உங்களுக்குத்தான் சொல்கிறேன், இன்னும் வேறு யாருக்கும் தெரியாது.”

பலமுறை இதைப் படித்துப் பார்த்திருக்கிறேன். நன்றி என்ற சொல் இதில் எங்கும் இல்லை. இருந்தும் ஒன்றும் குறைவாகத் தோன்றவில்லை. என் மேலதிகாரி கேட்டால் நான் சொல்ல வேண்டிய விவரம் அத்தனையும் இருக்கிறது: எந்தப் பிரிவு, எந்தப் பதவி, என்று ராஜினாமா, என்று சேர்கிறாள். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்லியிருந்தால், அதே பிரிவில் பதின்மூன்று வருஷமாக இருக்கும் எனக்கு வீண் கணக்கு ஒன்று மனத்தில் ஓட ஆரம்பித்திருக்கும். வெளியே சொல்லக் கூடாதென்று நியமனக் கடிதத்திலும் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். நான் செய்த உபகாரத்தில் எந்த அம்சம் பலன் தந்தது என்பதையும் சுட்டிக் காட்டியிருக்கிறாள். பொதுவாக ‘உங்கள் உதவியை மறக்கமாட்டேன்’ என்று எழுதுகிறவர்கள் உண்மையையே எழுதுகிறார்கள் என்றாலும், எந்த உதவி என்று படிக்கிறவருக்கு விளங்குவதில்லை. நான் எழுதிய ஒரு வரிக் குறிப்பு இரண்டாவது ரவுண்டில் கேள்வியாக மாறியது என்பது எனக்கே புதிய செய்தி. கடைசி வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் அறிந்தபின், யாரோ ஒருவருடைய ஸ்டேட்டஸிலிருந்து விஷயத்தைத் தெரிந்துகொள்ளும்போது, பெயர் கொடுத்தவருக்கு வருத்தம் உண்டாகிறதோ இல்லையோ, அவர் ஜாமீன் நின்றது அப்போதே பழங்கதையாகிவிடுகிறது.

மே மாதத்தில் இன்னொரு செய்தி வந்தது: ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்கள், கடைசி நாள் ஜூன் 17, இங்கே சம்பளம் கூட்டித் தருகிறோம் இரு என்கிறார்கள், இருக்கப்போவதில்லை. அடுத்த வாரமே எச்.ஆர். பெண்மணி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் கடைசி நாளின் தேதியையே சொன்னேன். ஜூன் 20ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு, படிவத்தில் என் பெயரையும் ஊழியர் எண்ணையும் எழுதிவிட்டதாகவும், எண் சரிதானா என்று ஒரு முறை பார்த்துச் சொல்லும்படியும் எழுதினாள். அன்று நான் வெகு நேரம் வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

சேர்ந்தபின் அவள் அனுப்பியவை இரண்டே செய்திகள். முதலாவது, ஜூலை மாதச் சம்பளப் பட்டியலை மூடியபின்: புதிதாகச் சேர்ந்தவர்களில் மூன்று பேருக்கு, பழைய கம்பெனியில் வாங்கிய வைப்பு நிதி யு.ஏ.என். இருக்கும்போதே புதிய யு.ஏ.என். ஒன்றும் உண்டாக்கப்பட்டிருந்தது, அதைக் கண்டுபிடித்துத் திருத்தினோம் என்று. இரண்டாவது, ஆறு மாதம் கழிந்து உத்தியோகம் உறுதியானபோது. இந்த இரண்டு சந்தர்ப்பங்களை அவள் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தத் திறமைக்காக நான் ஜாமீன் நின்றேனோ, அந்தத் திறமை வேலையில் பயன்பட்ட நாள் ஒன்று. எவ்வளவு காலத்துக்கு ஜாமீன் நின்றேனோ, அந்தக் காலம் முடிந்த நாள் மற்றொன்று. கடன் வாங்கியவன் பத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வதுபோல, இரண்டாவது செய்தியோடு என் பொறுப்பு தீர்ந்தது. அதற்குமேல் வாராவாரம் எழுதியிருந்தால் அது எனக்குப் பாரமாக இருந்திருக்கும்; தன் மேலதிகாரியோடு உண்டாகும் பூசல்களைத் தீர்த்துவைக்கும்படி என்னிடம் வந்திருந்தால், நான் பெயர் கொடுத்தது பழைய சிபாரிசாகவே மாறிப்போயிருக்கும்.

அதுபோலவே, நன்றியைச் சொல்லும் இடத்திலும் ஒரு நிதானம் வேண்டியிருக்கிறது. பத்துப் பேர் கூடியிருக்கும் கூட்டத்தில், இவரால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது என்று உரக்கச் சொல்கிறவர், தம் தகுதியையும் குறைத்துக்கொண்டு, நேர்முகம் நடத்தியவர்களையும் அவமதித்து, உபகாரம் செய்தவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார். படிவத்தில் எழுதுவது பதிவு. அவரிடம் நேரில் சொல்வது நன்றி. கூட்டத்தில் முழங்குவது இரண்டிலும் சேராது. பரிசு கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெட்டி மைசூர்பாகோடு நின்றுகொள்வது நல்லது. ஒரே கம்பெனியில் இருவரும் உத்தியோகம் பார்க்கும்போது விலையுயர்ந்த பொருள் எதுவும் லஞ்சத்தின் சாயலைப் பெற்றுவிடும். இன்னொன்றும் இருக்கிறது. சேர்ந்து மூன்றாவது மாதமே வேலை பிடிக்காமல் விலக நினைக்கிறவர்கள் உண்டு. விலகுவது அவரவர் சுதந்திரம், பெயர் கொடுத்தவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் ராஜினாமாக் கடிதம் எச்.ஆருக்குப் போவதற்கு முந்தின நாள் மாலை அவரிடம் சொல்லிவிட வேண்டும். நல்ல செய்தியை முதலில் அவருக்குச் சொன்னவனுக்குக் கெட்ட செய்தியையும் முதலில் சொல்லும் கடமை உண்டு.

அந்தப் பெண் தன் படிவத்தைப் பற்றி எழுதிய அன்று மாலை, நான் கோயம்புத்தூர் எண் ஒன்றைத் தேடி எடுத்துப் பேசினேன். அவர் கம்பெனியை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. சிங்காநல்லூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு, இரண்டு மில்களுக்குப் பகுதி நேரமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று வருஷத்துக்கு முன் நான் இழுத்த கோட்டைப் பற்றிச் சொன்னேன். எதற்காக இழுத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். “அந்தப் பணம் வரலைங்கறப்பவே ஏதோ விட்டுப்போயிருக்கும்னு தெரியுங்க. நான் போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்னு விட்டுட்டேன்” என்றார். பிறகு, நான் வருத்தப்படக் கூடாதென்று எண்ணியோ என்னவோ, சிரித்துக்கொண்டே சொன்னார்: “அதுக்கப்புறம் நான் யாரு பேரையும் கொடுக்கலைங்க. உங்களாலன்னு இல்லை. அப்படியே விட்டுப்போச்சு.”

நான் சேர்ந்த பிறகு அவர் அந்தக் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தார். அந்த ஆறு வருஷத்தில் எங்கள் பிரிவுக்கு மட்டும் நாற்பது பேருக்கு மேல் எடுத்தார்கள். கோயம்புத்தூர் மில்களிலிருந்து ஒருவர்கூட வரவில்லை.